டிரங்குப் பெட்டியில் கிடந்த பங்குச் சான்றிதழ்: சாட்ஸ்வொர்த்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் 2023 தொடக்கத்திலிருந்து 2024 நடுப்பகுதி வரை நடந்தது. சம்பந்தப்பட்ட பாட்டியின் பெயரை எழுதவில்லை. வீட்டில் பேரப்பிள்ளைகள் அழைப்பதுபோல 'ஆயா' என்றே குறிப்பிடுகிறேன். நான் ஒரு வழக்குரைஞர் அலுவலகத்தில் இறந்தவர் சொத்துப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் அமர்ந்து படிவங்கள் நிரப்ப உதவுகிறேன். ஆயாவின் வழக்கு அப்படித்தான் என்னிடம் வந்தது. இதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆயாவுக்கு அப்போது வயது 76. பிறந்தது டர்பன் நகராட்சித் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பாரக்சில். அறுபதுகளில் அந்தக் குடியிருப்பைக் காலி செய்ய வைத்து மக்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது அவருடைய குடும்பமும் வந்தது. 1966-இல் திருமணம். கணவர் சர்க்கரை ஆலைத் தொழிலாளி, 2009-இல் காலமானார். உயில் எழுதவில்லை. வீடு ஏற்கெனவே மூத்த மகன் பெயரில் இருந்தது. வங்கிக் கணக்கில் ஈமச் செலவுக்குப் போக மிஞ்சியது அற்பம். ஆகவே இறந்தவர் சொத்து என்று எதையும் யாரும் எங்கும் பதிவு செய்யவில்லை. சட்டப்படி மரணத்தை 14 நாட்களுக்குள் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். எங்கள் தெருக்களில் எத்தனை பேர் அதைச் செய்திருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கும்.

பெட்டியில் இருந்தவை

2023 ஜனவரி கடைசியில், தைப்பூசக் காவடிக்கு மஞ்சள் துணி எடுப்பதற்காக ஆயா பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே பழுப்பு உறை ஒன்று. அதில் இரண்டு சான்றிதழ்கள் இருந்தன.

முதலாவது, 1999 தேதியிட்ட ஓல்ட் மியூச்சுவல் பிஎல்சி பங்குச் சான்றிதழ். 800 பங்குகள், கணவர் பெயரில். இரண்டாவது வேறொரு நிறுவனத்தின் 60 பங்குகள். எண்பதுகளின் கடைசியில் ஆலை நண்பர் ஒருவரின் பேச்சைக் கேட்டு வாங்கியது என்று ஆயாவுக்கு நினைவு.

முதலாவதைப் பற்றி அவருக்கு எந்த நினைவும் இல்லை. "அவர் பங்கு வாங்கியதே இல்லை, பாலிசிதான் கட்டிக்கொண்டிருந்தார்" என்றார். அது சரிதான். ஓல்ட் மியூச்சுவல் 1845-இல் கேப் டவுனில் பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கமாகத் தொடங்கப்பட்டது. அப்படிப்பட்ட சங்கத்துக்கு உரிமையாளர்கள் பாலிசிதாரர்களே. 1999 ஜூலையில் அது பங்கு நிறுவனமாக மாறி ஜோகன்னஸ்பர்க்கிலும் லண்டனிலும் பங்குச் சந்தைக்கு வந்தபோது, பாலிசிதாரர்களுக்கு அந்த உரிமைக்கு ஈடாக இலவசப் பங்குகள் கிடைத்தன. சம்பளத்திலிருந்து ஸ்டாப் ஆர்டரில் மாதாமாதம் பிரீமியம் பிடித்தம் போன ஆலைத் தொழிலாளியும் அப்படிப் பங்குதாரர் ஆனார். தபாலில் வந்த அந்தத் தாளை அவர் காப்பீட்டுக் காகிதம் என்று எண்ணி மற்றவற்றோடு வைத்திருக்கிறார். நான் பார்த்த மறந்துபோன சான்றிதழ்களில் பாதிக்கு மேல் இப்படி வந்தவைதான். விலை கொடுத்து வாங்கியதை மனிதர்கள் எளிதில் மறப்பதில்லை.

முதல் முடிவு: விற்பதற்கு முன் பதிவேட்டைக் கேட்பது

பேரன் கல்லூரி முடித்தவன், அவசரக்காரன். இணையத்தில் அன்றைய பங்கு விலையைப் பார்த்து 800-ஆல் பெருக்கித் தொகையையும் சொல்லிவிட்டான். ஒரு வாரத்துக்குள் 'கோரப்படாத சொத்துகளைத் தேடித் தருபவர்' ஒருவரையும் பிடித்துவிட்டான். கிடைப்பதில் 30 சதவீதம் கட்டணம் என்றும், சான்றிதழ்களின் மூலத்தை முன்கூட்டியே தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அவர் கேட்டார். ஆயா கையெழுத்துப் போடவில்லை. மூலத்தைக் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை உறையோடு மண்டபத்துக்கு வந்தார்.

நான் முதலில் சொன்னது, சான்றிதழைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம் என்பது. பங்குச் சான்றிதழ் ஒரு ரசீது மாதிரி. யாருக்கு எத்தனை பங்கு என்பதைத் தீர்மானிப்பது நிறுவனத்தின் உறுப்பினர் பதிவேடு. அந்தப் பதிவேட்டை நிறுவனத்தின் சார்பில் வைத்திருப்பவர் பங்குப் பதிவாளர். இங்கே எல்லோரும் டிரான்ஸ்பர் செக்ரட்டரி என்பார்கள். 1999-இல் தொடங்கிய ஸ்ட்ரேட் முறையில் ஜோகன்னஸ்பர்க் சந்தை மின்னணுப் பங்குகளுக்கு மாறியது. இன்று காகிதப் பங்கைச் சந்தையில் விற்க முடியாது. ஆனால் மாற்றிக்கொள்ளாதவர்களின் உரிமை அதனால் அழிந்துவிடவில்லை. அவர்களின் பெயர் பதிவேட்டில் அப்படியே இருக்கும். பெயர் இருக்கிறதா, எந்த எண்ணிக்கையில், எந்த முகவரியில் என்று கேட்டால்தான் அடுத்த அடி தெரியும். இதற்குக் கட்டணம் இல்லை.

ஆயா ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவந்தார். பாரக்சில் மாலைநேரத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர் அவர். ஆங்கிலத்தை மெதுவாக வாசிப்பார், எழுதத் தயங்குவார். ஆகவே ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொண்டார். முதல் பக்கத்தில் 'டிரான்ஸ்பர் செக்ரட்டரி - பேரேடு வைத்திருப்பவர்' என்று எழுதியிருந்தார். பேரேடு என்ற சொல் எனக்குத் தோன்றவே இல்லை. அதைவிடப் பொருத்தமாக நான் விளக்கியிருக்க முடியாது.

இரண்டு நிறுவனங்களும் தங்கள் இணையதளத்தில் முதலீட்டாளர் பக்கத்தில் பதிவாளர் யார் என்று குறிப்பிட்டிருந்தன. இருவருக்கும் கடிதம் அனுப்பினோம்: சான்றிதழின் நகல், கணவரின் அடையாள எண், மரணச் சான்றிதழின் சான்றளிக்கப்பட்ட நகல், ஆயாவின் அடையாள அட்டை நகல், முகவரிச் சான்று. சான்றளிப்பைக் காவல் நிலையத்தில் இலவசமாகச் செய்து தருகிறார்கள். மூலச் சான்றிதழ்களை அனுப்பவில்லை. இரு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அவற்றைப் பெட்டியிலேயே பூட்டினோம்.

பெயரில் ஒரு எழுத்து

ஏப்ரலில் முதல் பதில் வந்தது: அந்த அடையாள எண்ணில் பங்குதாரர் எவரும் இல்லை.

பேரன் அதோடு விட்டுவிடலாம் என்றான். எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை வரவில்லை. சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். குடும்பப் பெயரின் எழுத்துக் கூட்டல் வேறாக இருந்தது. நம் பெயர்களுக்கு இது பரம்பரை நோய். ஒப்பந்தக் கூலிகளாக வந்த முன்னோரின் பெயர்களைக் கப்பல் பட்டியலில் எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அடுத்த தலைமுறையில் பள்ளியும் ஆலையும் தத்தம் விருப்பப்படி எழுதின. முதலியார் என்பது மூட்லி, முடலி என்று பல வடிவங்களில் திரிகிறது. கவுண்டர் கவுண்டன், கவெண்டர் ஆகியிருக்கிறார். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் வெவ்வேறு குடும்பப் பெயரோடு இருப்பதை இங்கே எவரும் வியப்பதில்லை. ஆயாவின் கணவருக்கு ஆலைச் சம்பளப் பட்டியலில் ஒரு கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று. பாலிசி ஆலை வழியாக எடுத்தது. பங்கும் அந்தக் கூட்டலிலேயே வந்திருக்கிறது.

இரண்டாம் முறை சான்றிதழ் எண்ணையும், அதில் அச்சிட்டிருந்த பங்குதாரர் குறிப்பு எண்ணையும், அன்றைய முகவரியையும் கொடுத்துக் கேட்டோம். மே மாதம் பதில் வந்தது: பதிவு இருக்கிறது. இரண்டு கூட்டலும் ஒரே மனிதரைக் குறிப்பவை என்ற உறுதிமொழிப் பத்திரத்தைப் பின்னர் ஆயாவும் கணவரின் தம்பியும் தனித்தனியே கொடுத்தார்கள். பெயரை வைத்துத் தேடி 'இல்லை' என்று வரும் முதல் பதிலை யாரும் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இங்கே சொல்லிவைக்கிறேன்.

800 எப்படி 700 ஆனது

பதிவாளரின் கடிதத்தில் 800 என்ற எண்ணே இல்லை. ஓல்ட் மியூச்சுவல் லிமிடெட் 700 பங்குகள் என்றிருந்தது. ஆயா முதலில் கேட்டது, "மீதி நூறை யார் எடுத்தார்கள்?"

யாரும் எடுக்கவில்லை. 2012-இல் நிறுவனம் ஒரு வெளிநாட்டுத் தொழிலை விற்று அந்தப் பணத்தைச் சிறப்பு ஈவுத்தொகையாகப் பங்குதாரர்களுக்குக் கொடுத்தது. அதோடு பங்குகளையும் ஒருங்கிணைத்தது: பழைய எட்டுக்குப் புதிய ஏழு. 800 அப்படி 700 ஆனது. பிறகு 2018 ஜூனில் பிஎல்சி என்ற லண்டன் நிறுவனமே கலைந்து பிரிந்தது. ஒவ்வொரு பழைய பங்குக்கும் தென்னாப்பிரிக்காவில் பதிவான ஓல்ட் மியூச்சுவல் லிமிடெட் பங்கு ஒன்று கிடைத்தது. அதற்கு மேல் மூன்று பழைய பங்குக்கு ஒன்று வீதம் குவில்ட்டர் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பங்கும் கிடைத்தது. 700-ஐ மூன்றால் வகுத்தால் 233, பின்னம் ஒன்று மிச்சம். அதே ஆண்டு அக்டோபரில் நெட்பேங்க் பங்குகளையும் நூறுக்கு மூன்று சொச்சம் வீதம் பிரித்துக் கொடுத்தார்கள்.

இவை ஒவ்வொன்றுக்கும் அறிவிப்புக் கடிதம் போயிருக்கும். போன முகவரியில் குடும்பம் 2005-க்குப் பிறகு இல்லை.

பெட்டியில் கிடந்த தாளை நோட்டில் ஒட்டுவதுபோல ஒரு படம் வரைந்து விளக்கினேன். ஆயா அதைப் பார்த்துவிட்டு, "பாரக்சை இடித்து எங்களைப் பிரித்து வெவ்வேறு யூனிட்டில் போட்டதுபோல" என்றார். ஆட்கள் இருக்கிறார்கள், பழைய முகவரி மட்டும் இல்லை. அதன் பிறகு இந்தக் கணக்கை நான் அவருக்கு மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேரனுக்கு அவரே சொன்னார்.

இரண்டாவது சான்றிதழின் கதை சுருக்கமானது. 100 பங்குக்குக் குறைவாக வைத்திருப்பவர்களைச் சில்லறைப் பங்குதாரர் என்பார்கள். ஆண்டறிக்கை, தபால் என்று அவர்களுக்காகும் செலவு நிறுவனத்துக்குப் பாரம். அதனால் அவ்வப்போது அவர்களிடமிருந்து பங்குகளைத் திரும்ப வாங்க ஒரு முன்மொழிவு வைக்கும். பங்குதாரர்கள் ஒப்புதல் கொடுத்துவிட்டால், பதில் எழுதாதவர்கள் விற்கச் சம்மதித்ததாகவே கொள்ள இந்த நாட்டுச் சந்தை விதிகள் இடம் தருகின்றன. ஆயாவின் கணவருடைய 60 பங்குகள் அப்படிப் போய்விட்டன. சான்றிதழ் வெறும் தாள். ஆனால் விற்ற பணம் அவர் பெயரில் நிறுவனத்திடம் கிடந்தது. கோரிக்கைக் கெடு கடக்கவில்லை என்று பதிவாளர் எழுதியிருந்தார்.

இறந்தவர் பெயரில் உள்ள பங்கு

எதையும் ஆயாவுக்கு நேரடியாகக் கொடுக்க முடியாது. இறந்தவரின் சொத்தைக் கையாள மாஸ்டர் அலுவலகம் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். பெரிய சொத்துக்கு நிறைவேற்றாளர், நியமனப் பத்திரம், விளம்பரம், கணக்கு என்று நீண்ட வழி. சிறிய சொத்துக்கு 1965-ஆம் ஆண்டின் சொத்து நிர்வாகச் சட்டம் 18(3) பிரிவின்கீழ் ஓர் அதிகாரக் கடிதம் போதும். இன்றைய வரம்பு இரண்டரை லட்சம் ராண்ட். எங்கள் மொத்த மதிப்பு அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

ஜூலையில் படிவங்களைக் கொடுத்தோம்: ஜே-294 மரண அறிவிப்பு, ஜே-243 சொத்துப் பட்டியல், ஜே-192 நெருங்கிய உறவினர் உறுதிமொழி, ஜே-155 பொறுப்பேற்பு. பதினான்கு ஆண்டுகள் ஏன் அறிவிக்கவில்லை என்பதற்கு ஒரு பக்க விளக்கம். மூன்று பிள்ளைகளும் அம்மாவை நியமிக்கச் சம்மதம் எழுதிக் கொடுத்தார்கள்.

'மனைவி' என்ற கட்டம்

செப்டம்பரில் மாஸ்டர் அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது: திருமணச் சான்றிதழ் எங்கே?

திருமணச் சான்றிதழ் என்று ஒன்று இல்லவே இல்லை. 1966-இல் கோயிலில் தாலி கட்டினார்கள். நடத்தி வைத்த ஐயர் பதிவு பெற்ற திருமண அலுவலர் அல்ல. அந்தத் தலைமுறையில் பலருக்கு இதுதான் நிலை. இந்து முறைத் திருமணம் சட்டத்தின் பார்வையில் திருமணமே அல்ல என்ற பிரச்சினை இந்த நாட்டில் பழையது. 1913-இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்புக்கு எதிராகத்தான் பெண்களும் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். அதன் மிச்சம் இன்னும் கோப்புகளில் ஊர்கிறது.

இங்கே எங்களுக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மனைவி என்ற கேள்வியையே தவிர்ப்பது. அப்படிச் செய்தால் சொத்து மூன்று பிள்ளைகளுக்குப் போகும். அவர்கள் அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம். சீக்கிரம் முடியும். நான் அதைத்தான் பரிந்துரைத்தேன். தொகை சிறியது, வாதாடுவதற்கு ஏற்றதல்ல என்பது என் கணக்கு.

ஆயா நோட்டை மூடிவைத்தார். "நாற்பத்து மூன்று வருடம் அவருக்குச் சோறு போட்டேன், தம்பி. அந்தக் கட்டத்தை நான் காலியாக விட மாட்டேன்."

எனவே இரண்டாம் வழி. 2008 நவம்பரில் டர்பன் உயர் நீதிமன்றம், ஒருதார இந்து முறைத் திருமணத்தில் உயிரோடிருக்கும் துணைவரும் உயிலில்லா வாரிசுரிமைச் சட்டத்தின்கீழ் 'துணைவர்'தான் என்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆயாவின் கணவர் இறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. தீர்ப்பின் நகலை இணைத்து, மூன்று ஆதாரங்களைக் கொடுத்தோம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களில் இருவர் பெயரும் பெற்றோராக இருந்தன. திருமணத்தில் கலந்துகொண்ட இரண்டு முதியவர்கள் உறுதிமொழி எழுதினார்கள். அச்சிட்ட அழைப்பிதழ் அதே டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. இருவருக்கும் வேறு திருமணம் இல்லை என்பதையும் உறுதிமொழியில் தனி வரியாக எழுதினோம். தீர்ப்பு ஒருதாரத் திருமணத்தைப் பற்றியது என்பதால் அந்த வரி அவசியம்.

உயில் இல்லாமல் 2009-இல் இறந்தவரின் துணைவருக்கு, ஒரு பிள்ளைப் பங்கு அல்லது 1,25,000 ராண்ட், இவற்றில் எது அதிகமோ அது சேரும். இந்த வரம்பு 2014-இல்தான் இரண்டரை லட்சம் ஆனது. எங்கள் சொத்து பழைய வரம்புக்கே வெகு கீழே இருந்ததால் முழுவதும் ஆயாவுக்கு. டிசம்பரில் அதிகாரக் கடிதம் வந்தது. என் பரிந்துரையைவிட ஆயாவின் பிடிவாதத்துக்கு ஆன கூடுதல் காலம் மூன்று மாதம். அதை நான் நஷ்டமாக எழுத மாட்டேன்.

நான் செய்த தவறு

உண்மையான நஷ்டம் அடுத்து வந்தது. அதற்குக் காரணம் நான்.

சொத்துப் பட்டியலில் இறந்த நாளன்று இருந்த சொத்தை, அன்றைய மதிப்பில் எழுத வேண்டும். முப்பது வருடப் பழக்கம். 2009-இல் ஆயாவின் கணவரிடம் இருந்தது பிஎல்சி பங்கு 800. ஒருங்கிணைப்பு நடந்தது 2012-இல்தானே. ஆகவே '800 ஓல்ட் மியூச்சுவல் பிஎல்சி' என்று எழுதினேன். அது சரியான பட்டியல். ஆனால் அதிகாரக் கடிதம் பட்டியலில் உள்ள சொத்துகளைப் பெயர் சொல்லியே அதிகாரம் தருகிறது. கடிதத்தில் இருந்தது 800 பிஎல்சி. பதிவேட்டில் இருப்பது 700 லிமிடெட். 2024 ஜனவரியில் பதிவாளர் மறுத்துவிட்டார். இல்லாத நிறுவனத்தின் இல்லாத எண்ணிக்கைக்கு அதிகாரம் பெற்றவர், இருக்கும் பங்கைக் கேட்க முடியாது. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. குவில்ட்டரும் நெட்பேங்கும் பட்டியலில் இல்லவே இல்லை.

திருத்திய பட்டியலில் இப்படி எழுதினோம்: இறந்த நாளில் பிஎல்சி பங்கு 800, இன்று அவற்றின் இடத்தில் இருப்பவை ஓல்ட் மியூச்சுவல் லிமிடெட் பங்கு 700, அவற்றின்மீது சேர்ந்த ஈவுத்தொகை, மேலும் 2018 பிரிப்பில் கிடைத்த குவில்ட்டர், நெட்பேங்க் உரிமைகளும் அவற்றிலிருந்து வந்த தொகைகளும். இரண்டாம் நிறுவனத்துக்கும் '60 பங்குகள்' என்பதோடு 'அவற்றின் விற்பனைத் தொகை' என்று சேர்த்தோம். பதிவாளரின் மே மாதக் கடிதத்தை ஆதாரமாக இணைத்தோம். திருத்திய அதிகாரக் கடிதம் ஏப்ரலில் கைக்கு வந்தது. நான்கு மாதம் போயிற்று. ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் போதும்.

விளைவு

மே மாதம் மூலச் சான்றிதழையும், அதிகாரக் கடிதத்தின் சான்றளித்த நகலையும், கையொப்பமிட்ட சி.எம். 42 மாற்றுப் படிவத்தையும், ஆயாவின் மூன்று மாதத்துக்கு உட்பட்ட வங்கி அறிக்கையையும் பதிவாளர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரையிட்ட ரசீது வாங்கினோம். வாரிசாகப் பெறும் பங்குக்குப் பங்கு மாற்று வரி கிடையாது. ஜூலையில் 700 பங்குகளும் ஆயா பெயருக்கு மாறின. அன்றைய விலையில் ஏறத்தாழ 8,500 ராண்ட். 2018-க்குப் பிறகு சேர்ந்திருந்த ஈவுத்தொகை, 20 சதவீத வரி போகச் சுமார் 3,400 ராண்ட் வங்கிக்கு வந்தது. அதற்கு முந்தைய பிஎல்சி காலத்து ஈவுத்தொகையில் எதுவும் கிடைக்கவில்லை. இரண்டாம் நிறுவனம் விற்பனைத் தொகையாக ஆயிரத்துச் சொச்சம் ராண்ட் அனுப்பியது.

பேரன் ஜனவரியில் பெருக்கிச் சொன்ன தொகையைவிட இது அதிகம்தான், ஈவுத்தொகையால். அவன் அதைக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. ஆனால் இது பெரும் பணம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் செலவு பயணம், நகல், தபால் எல்லாம் சேர்த்து 600 ராண்டுக்குள் அடங்கியது. 30 சதவீதக்காரரிடம் போயிருந்தால் கிட்டத்தட்ட 4,000 போயிருக்கும். 'மனைவி' கட்டத்துக்காக அவர் மூன்று மாதம் நின்றிருப்பார் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

விற்பதா வைத்திருப்பதா என்பதில் ஆயாவுக்கு இருந்த பயம் வேறு: முதியோர் உதவித்தொகை நின்றுவிடுமோ என்று. உதவித்தொகைக்கு வருமானமும் சொத்தும் பார்ப்பது உண்மை. ஆனால் அந்த வரம்புகள் இந்தத் தொகையைவிடப் பன்மடங்கு மேலே இருக்கின்றன. மறைக்காமல் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள் என்றேன், சொன்னார், ஒன்றும் ஆகவில்லை. பங்குகளை அவர் விற்கவில்லை. பதிவாளர் நடத்தும் கூட்டுக் கணக்கில் மின்னணுப் பங்காக மாற்றி வைத்தார். சொந்தத் தரகர் கணக்கு என்றால் இவ்வளவு சிறிய தொகைக்கு மாதக் கட்டணமே ஈவுத்தொகையைத் தின்றிருக்கும்.

மறுபடி செய்வதானால்

பதிவாளரின் முழுக் கடிதம் கையில் இல்லாமல் சொத்துப் பட்டியலை எழுத மாட்டேன். இறந்த நாளின் நிலையையும் இன்றைய நிலையையும் ஒரே வரியில் சேர்த்தே எழுதுவேன். இப்போது மண்டபத்துக்கு வருகிறவர்களுக்கு அப்படித்தான் எழுதுகிறேன். முதல் கேள்வியிலேயே பெயரின் எல்லாக் கூட்டல்களையும், பழைய முகவரிகள் அனைத்தையும் கொடுப்பேன். முதியவர்களின் திருமண உறுதிமொழிகளை மாஸ்டர் அலுவலகம் கேட்கும்வரை காத்திருக்காமல் முதல் நாளே வாங்கிவிடுவேன். எங்களுக்கு எழுதிக் கொடுத்த இருவரில் ஒருவர் அதே ஆண்டு தீபாவளிக்கு முன் காலமாகிவிட்டார்.

குவில்ட்டர், நெட்பேங்க் பகுதிகள் இதை எழுதும்போது இன்னும் முடியவில்லை. அவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடு, தனித்தனிப் படிவம். ஆகஸ்டில் ஆயா மண்டபத்துக்கு வந்தபோது குவில்ட்டர் படிவத்தைத் தானே நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாக எழுதிய பெரிய ஆங்கில எழுத்துகள். 'விண்ணப்பதாரர் எந்த நிலையில் கோருகிறார்' என்ற ஒரு கட்டத்தில் மட்டும் பென்சிலால் எழுதியிருந்தார். 'மனைவி' என்றிருந்தது. இந்தப் படிவத்தில் அங்கே 'மாஸ்டரின் பிரதிநிதி' என்றுதான் வர வேண்டும் என்றேன். அழித்துவிட்டு அப்படியே எழுதினார். பிறகு படிவத்தைப் புரட்டி, உறவுமுறை என்று கேட்டிருந்த கடைசிப் பக்கத்தில் பேனாவால் 'மனைவி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.